ரிவ்யூவர் கேட்கிறார்: ஏன் வாரிமேக்ஸ், ஏன் நான்கு ஃபேக்டர், ஏன் 0.5? என்னிடம் பதிவே இல்லை

முத்து_ஆய்வாளன்
வணக்கம். கல்வியியலில் பிஎச்.டி. செய்கிறேன், நான்காம் வருடம். ஆசிரியர்களின் பணி அழுத்தம் பற்றி 22 வினாக்கள் கொண்ட கேள்வித்தாள், எல்லாம் ஐந்து புள்ளி அளவுகோல். 301 பேர் நிரப்பித் தந்தார்கள், விடுபட்டவை போக 286 பேர். எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் ஃபேக்டர் அனாலிசிஸ் ஓட்டினேன். ஐந்து வினாக்களை நீக்கிய பிறகு 17 வினாக்களில் நான்கு ஃபேக்டர்கள் வந்தன. என் கோட்பாட்டிலும் நான்கு பரிமாணங்கள்தான் (பணிச்சுமை, மாணவர் ஒழுங்கு, நிர்வாகம், சக ஆசிரியர் ஆதரவு). கைடும் சந்தோஷப்பட்டார்.

கட்டுரையை அனுப்பியதும் ஒரு ரிவ்யூவர் மூன்றே வரி எழுதியிருக்கிறார். ரொட்டேஷனை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தீர்கள், ஃபேக்டர் எண்ணிக்கையை எப்படி முடிவு செய்தீர்கள், லோடிங் 0.5 என்ற எல்லை ஏன், நீக்கிய வினாக்கள் எந்த வரிசையில் போயின என்று கேட்கிறார். ஓட்டியது ஒன்றரை வருடத்துக்கு முன்னால். கையில் இருப்பது கடைசி அட்டவணை மட்டும், அதிலும் 0.5-க்குக் கீழே எல்லாம் வெற்றுக் கட்டம். என்ன எழுதுவது?

சர்வே_சண்முகம்
இதுக்கு ஏன் பயம்? பத்து வருஷமா மார்க்கெட் ரிசர்ச்சில் இருக்கேன், எல்லா ரிப்போர்ட்டிலும் இதுதான். வாரிமேக்ஸ் ஏன்னா ஃபேக்டர்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வரும், பிறகு ரிக்ரெஷனில் போடும்போது மல்டிகொலினியாரிட்டி தொல்லை இருக்காது. ஐகன் மதிப்பு 1-க்கு மேல் என்பது கைசர் விதி. 0.5 என்பது எல்லோரும் மேற்கோள் காட்டும் அட்டவணையில் இருக்கு. மூன்று வாக்கியம், மூன்று மேற்கோள். முடிஞ்சது.

வேலுச்சாமி_புள்ளியியல்
சண்முகம் சொல்வதில் பாதி சரி. அந்த அட்டவணை உண்மைதான், ஆனால் அதை முழுதாகப் பார்க்க வேண்டும். 0.50 என்பது 120 பேர் இருக்கும் மாதிரிக்கு. 200 பேருக்கு 0.40, 250-க்கு 0.35, 350-க்கு 0.30. தம்பியின் 286-க்கு அந்த அட்டவணை கேட்பது 0.35. ஆக, 0.5 என்று வைத்துவிட்டு அந்த அட்டவணையை ஆதாரமாகக் காட்டினால், ரிவ்யூவர் அட்டவணையைத் திறந்து பார்த்தாலே முடிந்தது. 0.5 வைப்பது குற்றம் இல்லை. கடுமையான எல்லை வேண்டும் என்று நினைத்து வைத்தேன் என்றால் அப்படி எழுதலாம். செய்யாத காரணத்தை எழுதக் கூடாது.

வாரிமேக்ஸ் விஷயம் இதைவிடச் சுவையானது. முத்து, ஒன்று கேட்கிறேன்: ஃபேக்டர்கள் கிடைத்த பிறகு ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் எப்படிக் கணக்கிட்டீர்கள்?

முத்து_ஆய்வாளன்
ஒவ்வொரு ஃபேக்டரிலும் வந்த வினாக்களைக் கூட்டி சராசரி எடுத்தேன் ஐயா.

வேலுச்சாமி_புள்ளியியல்
அப்படியானால் வாரிமேக்ஸ் வாங்கித் தந்த 'தொடர்பின்மை' அந்த இடத்திலேயே போய்விட்டது. தொடர்பில்லாமல் இருப்பது சுழற்றப்பட்ட ஃபேக்டர்கள். வினாக்களைக் கூட்டிய சராசரிகள் ஒன்றோடொன்று தாராளமாகத் தொடர்புகொள்ளும். உங்கள் நான்கு சராசரிகளுக்கும் கோரிலேஷன் எடுத்துப் பாருங்கள். ரிக்ரெஷனில் போனது அவைதான், ஃபேக்டர்கள் அல்ல.

முத்து_ஆய்வாளன்
பார்த்தேன். பணிச்சுமைக்கும் நிர்வாகத்துக்கும் 0.52. மற்றவை 0.2-லிருந்து 0.4-க்குள்.

வேலுச்சாமி_புள்ளியியல்
தலைமையாசிரியரோடு ஒத்துப்போகாத ஆசிரியருக்கு வேலைச்சுமையும் அதிகமாகத் தெரியும். இது புள்ளியியல் தெரியாதவருக்கும் தெரிந்த விஷயம். அப்படிப்பட்ட இடத்தில் தொடர்பே இல்லை என்று சொல்லிச் சுழற்றியதற்கு ஒரு காரணம் வேண்டும். உண்மையான காரணம் என்ன என்று நான் ஊகிக்கிறேன்: மெனுவில் அதைத்தான் எல்லோரும் அழுத்துகிறார்கள். பிரின்சிபல் காம்பொனென்ட், ஐகன் 1, வாரிமேக்ஸ் என்ற இந்த மூவர் கூட்டணிக்கு 'லிட்டில் ஜிஃபி' என்று செல்லப்பெயரே உண்டு. வாரிமேக்ஸ் 1958-இல் கைசர் கொடுத்தது, ஐகன் 1 விதி 1960-இல் வந்தது. கணினி அரிதாக இருந்த காலத்துக் குறுக்குவழி இன்னும் மெனுவில் குந்தியிருக்கிறது.

ரஞ்சனி_வங்கி
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் பிரச்சினையும் ரொட்டேஷன்தான். வங்கி வாடிக்கையாளர் ஆய்வு, ப்ரோமேக்ஸ் போட்டேன். ஒரு வினாவுக்கு லோடிங் 1.04 வந்திருக்கிறது. லோடிங் என்பது கோரிலேஷன் என்றால் 1-ஐத் தாண்டுமா? டேட்டா தவறா? க்ரோன்பாக் ஆல்ஃபா 0.88 நன்றாகத்தானே இருக்கிறது?

வேலுச்சாமி_புள்ளியியல்
ரஞ்சனி அம்மா, ப்ரோமேக்ஸில் இரண்டு அட்டவணை வரும். Pattern Matrix-இல் இருப்பது ரிக்ரெஷன் எடை மாதிரி; ஃபேக்டர்கள் தொடர்புடையவையாக இருக்கும்போது அது 1-ஐத் தாண்டலாம். Structure Matrix-இல் இருப்பதுதான் கோரிலேஷன், அது தாண்டாது. அந்த வினாவின் கம்யூனாலிட்டி 1-க்குள் இருந்தால் தூக்கம் கெட வேண்டாம். அதுவும் 1-ஐத் தாண்டினால் தனி இழை தொடங்குங்கள், பேசலாம். ஆல்ஃபாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

நிலா_ஆர்
முத்து அண்ணா, பதிவு இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒரு இடம் பாருங்கள். எஸ்.பி.எஸ்.எஸ். ஓட்டும் ஒவ்வொரு கட்டளையையும் statistics.jnl என்ற கோப்பில் தானாகவே எழுதிக்கொண்டே வரும், யாராவது நிறுத்தி வைக்காத வரை. Edit > Options > File Locations போனால் அது எங்கே இருக்கிறது என்று காட்டும். மெனுவில் க்ளிக் செய்து ஓட்டியதும் அதில் கட்டளையாகவே இருக்கும். நோட்பேடில் திறந்து FACTOR என்று தேடுங்கள். எந்தக் கணினியில் ஓட்டினீர்களோ அதில்தான் இருக்கும்.

முத்து_ஆய்வாளன்
கல்லூரி லேப் கணினி! நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன்.

முத்து_ஆய்வாளன்
கிடைத்தது!! லேபில் மூன்றாவது வரிசைக் கணினி. FACTOR என்று 14 தடவை இருக்கிறது. எனக்கே ஞாபகம் இல்லாததெல்லாம் அதில் இருக்கிறது. இது ஒன்று:

```
FACTOR
  /VARIABLES q01 TO q22
  /MISSING LISTWISE
  /PRINT INITIAL KMO EXTRACTION ROTATION
  /FORMAT SORT BLANK(.5)
  /CRITERIA MINEIGEN(1) ITERATE(25)
  /EXTRACTION PC
  /CRITERIA ITERATE(25)
  /ROTATION VARIMAX.
```

இதில் ஆறு ஃபேக்டர் வந்திருக்கும், ஞாபகம் இருக்கிறது. அடுத்ததில் q05, q14, q21 மூன்றும் ஒரே தடவையில் காணாமல் போயிருக்கின்றன. அதற்கடுத்து q11, q18. இடையில் நடந்த மற்ற ஓட்டங்கள் எல்லாம் எதையாவது சேர்த்து எதையாவது எடுத்துப் பார்த்தவை. ஏன் எடுத்தேன் என்பது மட்டும் கோப்பில் இல்லை.

வேலுச்சாமி_புள்ளியியல்
என்ன செய்தீர்கள் என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது. ஏன் என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது, அதை அன்றைக்கே எழுதியிருந்தால்தான் உண்டு.

அந்தக் கட்டளையிலேயே இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. BLANK(.5) என்பதால் 0.49 இருந்தாலும் உங்கள் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. ஒரு வினா ஒரு ஃபேக்டரில் 0.53, இன்னொன்றில் 0.47 என்று நின்றால், நீங்கள் அதை 'சுத்தமான வினா' என்று நினைத்திருப்பீர்கள். இரண்டாவது, மூன்று வினாக்களை ஒரே மூச்சில் எடுத்தது. ஒரு வினா போனதும் மற்றவற்றின் கம்யூனாலிட்டி, லோடிங் எல்லாம் கொஞ்சம் நகரும். q05 போன பிறகு q14 பிழைத்திருக்குமோ என்னவோ, இனித் தெரியாது. அதனால்தான் ஒவ்வொன்றாக எடு என்பார்கள்.

அந்த நான்காவது ஃபேக்டரில் எந்த வினாக்கள் வந்தன, வாசகத்தோடு போடுங்களேன். நீக்கிய q18-ஐயும் சேர்த்து.

முத்து_ஆய்வாளன்
நான்காவதில் இரண்டே வினா. அதற்கு 'பணி மனநிறைவு' என்று பெயர் வைத்தேன்.

q08: என் பணிச்சுமை தாங்க முடியாத அளவுக்கு இல்லை.
q16: தலைமையாசிரியர் என் குறைகளைக் கேட்காமல் இருப்பதில்லை.

நீக்கிய q18: சக ஆசிரியர்கள் உதவவில்லை என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

நிலா_ஆர்
q18-ஐ மூன்று தடவை படித்தேன். 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்று டிக் போட்டால் உதவினார்கள் என்று அர்த்தமா, உதவவில்லை என்றா? 😅

சர்வே_சண்முகம்
ஆஹா, பிடிச்சாச்சு. இவை எதிர்மறை வினாக்கள். ரிவர்ஸ் கோடிங் பண்ண மறந்திருக்கீங்க, அதான் தனி ஃபேக்டராப் போயிருக்கு. திருப்பிப் போட்டு ஓட்டுங்க, சரியாயிடும்.

வேலுச்சாமி_புள்ளியியல்
இல்லை சண்முகம். ரிவர்ஸ் கோடிங் மறந்தால் ஆல்ஃபா கெடும், கூட்டுத்தொகை கெடும். ஃபேக்டர் அனாலிசிஸில் அந்த வினாவின் லோடிங் குறி மட்டும் மாறும், அளவு அப்படியே இருக்கும். ஐகன் மதிப்புகளும் மாறாது. திருப்பிப் போட்டாலும் இந்த ஃபேக்டர் வந்தே தீரும்.

முத்து, மூன்று வினாக்களையும் பாருங்கள். ஒன்று பணிச்சுமை, ஒன்று நிர்வாகம், ஒன்று சக ஆசிரியர். பொருளில் ஒற்றுமையே இல்லை. ஒன்றாக இருப்பது 'இல்லை', 'இருப்பதில்லை', 'நினைத்ததில்லை' என்ற வால். உங்கள் நான்காவது ஃபேக்டர் மனநிறைவை அளக்கவில்லை, இரட்டை எதிர்மறை வாக்கியத்தை ஆசிரியர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதை அளந்திருக்கிறது. கோட்பாட்டில் நான்கு, முடிவில் நான்கு என்று எண்ணிக்கை பொருந்தியதால் உங்கள் கைடுக்கும் உங்களுக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் கோட்பாட்டின் நான்காவது சக ஆசிரியர் ஆதரவு. அந்த வினாக்கள் எங்கே போயின?

முத்து_ஆய்வாளன்
... நிர்வாகத்தோடு சேர்ந்து இரண்டாவது ஃபேக்டரில். அதற்கு 'நிறுவனச் சூழல்' என்று பெயர் வைத்துக் கடந்துவிட்டேன். இப்போதுதான் உறைக்கிறது.

நிலா_ஆர்
அண்ணா, டேட்டா இருக்கிறதல்லவா, முதலிலிருந்து ஓட்டிவிடலாம். ஆரில் இவ்வளவுதான்:

```
library(psych)
set.seed(2207)
d <- na.omit(d)
fa.parallel(d, fa="pc", n.iter=500, quant=.95)
f3 <- fa(d, 3, fm="pa", rotate="oblimin")
f4 <- fa(d, 4, fm="pa", rotate="oblimin")
print(f3, cut=0, sort=TRUE)
f3$Phi
```

d-யில் 22 வினாக்கள் மட்டும் இருக்கட்டும். set.seed எண்ணையும் குறித்து வையுங்கள், பேரலல் அனாலிசிஸ் ஒவ்வொரு தடவையும் தற்செயல் டேட்டா உருவாக்குவதால் எல்லைக்கோட்டில் இருக்கும் ஃபேக்டர் ஒரு தடவை உள்ளேயும் அடுத்த தடவை வெளியேயும் போகலாம். cut-க்குப் பெரிய எண் கொடுத்தால் சிறிய லோடிங்குகளை இதுவும் மறைத்துவிடும், அதனால் 0 என்றே இருக்கட்டும். oblimin-க்கு GPArotation பொட்டலமும் நிறுவியிருக்க வேண்டும்.

எஸ்.பி.எஸ்.எஸ்.ஸோடு ஒப்பிட்டால் இரண்டாம் தசமத்தில் வித்தியாசம் வரும், பதற வேண்டாம். அது ஒப்ளிமினுக்கு முன்னால் கைசர் நார்மலைசேஷன் செய்யும், psych தானாகச் செய்யாது. அதனால் மென்பொருளையும் வெர்ஷனையும் எழுதுங்கள்.

முத்து_ஆய்வாளன்
ஓட்டினேன். முதல் ஆறு ஐகன் மதிப்புகள்: 7.14, 2.36, 1.71, 1.29, 1.09, 1.02. தற்செயல் டேட்டாவின் 95-ஆவது சதமானம்: 1.61, 1.49, 1.40, 1.32, 1.26, 1.20. ஆக மூன்று என்கிறது. ஆனால் நான்காவது 1.29-க்கு 1.32, மயிரிழை.

நான்கு போட்டால் நான்காவதில் q08 0.61, q16 0.58, q18 0.44, வேறு எதுவும் 0.3-ஐத் தொடவில்லை. மூன்று போட்டால் q08 பணிச்சுமைக்கு 0.36-உடன் போகிறது, q16 நிர்வாகத்துக்கு 0.41-உடன், q18 எங்குமே 0.22-ஐத் தாண்டவில்லை. மூன்று ஃபேக்டர்களுக்குள் தொடர்பு 0.46, 0.38, 0.29.

வேலுச்சாமி_புள்ளியியல்
இனி பதிவு எழுதுங்கள். ரிவ்யூவருக்கான பதில் பிறகு, முதலில் உங்களுக்கான பதிவு. நான் மாணவர்களுக்குச் சொல்வது: ஒரு முடிவுக்கு ஒரு பத்தி, அதில் என்ன எடுத்தேன், வேறென்ன ஓட்டிப் பார்த்தேன், அதை எடுத்திருந்தால் என்ன மாறியிருக்கும். உதாரணத்துக்கு எண்ணிக்கை பற்றிய பத்தி இப்படி இருக்கலாம்:

> ஓட்டம் 2. 22 வினாக்கள், 286 பேர், விடுபட்ட விடை உள்ளவர்கள் நீக்கம். பேரலல் அனாலிசிஸ் (காம்பொனென்ட் வகை, 500 தடவை, 95-ஆவது சதமானம், விதை 2207): 3. ஐகன் 1 விதி: 6. கோட்பாடு: 4. நான்காவது ஐகன் 1.29, எல்லை 1.32, ஆகவே 3, 4 இரண்டும் ஓட்டப்பட்டன. நான்காவதில் எதிர்மறை வாக்கிய வினாக்கள் மூன்று மட்டும் (q08, q16, q18), பொருளால் வெவ்வேறு பரிமாணங்கள். வாக்கிய அமைப்பின் விளைவு எனக் கருதி 3 ஏற்கப்பட்டது. 4-ஐ ஏற்றிருந்தாலும் மற்ற மூன்று ஃபேக்டர்களின் வினாக்கள் மாறவில்லை.

கடைசி வாக்கியத்தைச் சரிபார்த்துவிட்டு எழுதுங்கள், நான் ஊகித்தது. ரிவ்யூவருக்கு அதுதான் முக்கியம். 1.29, 1.32 என்ற எண்களும் இருக்கட்டும். 'பேரலல் அனாலிசிஸ் மூன்று என்றது' என்று மட்டும் எழுதினால், எவ்வளவு நெருக்கம் என்பதை மறைத்ததாகிவிடும்.

'காம்பொனென்ட் வகை' என்று குறிப்பிட்டதற்கும் காரணம் உண்டு. அதே கட்டளையில் fa="fa" போட்டால் வேறு எண் வரலாம், பெரும்பாலும் கூடுதலாக. psych-ஐப் பழகுகிறவர்கள் ஓட்டிப் பார்க்கும் bfi டேட்டாவில் 25 வினாக்கள், 5 ஆளுமைப் பண்புகளுக்காக எழுதப்பட்டவை, 2800 பேர். fa.parallel அதற்கு 6 ஃபேக்டர் என்கிறது. கருவி சொன்னது என்பது முடிவு அல்ல, எந்த வடிவத்தில் கேட்டீர்கள் என்பதும் சேர்ந்ததுதான்.

முத்து_ஆய்வாளன்
ரொட்டேஷனுக்கும் கட்-ஆஃபுக்கும்?

வேலுச்சாமி_புள்ளியியல்
ரொட்டேஷன் சுலபம். ஒப்ளிமின் ஓட்டினேன், ஃபேக்டர் தொடர்புகள் 0.46, 0.38, 0.29, ஆகவே வாரிமேக்ஸை விட்டேன். அந்தத் தொடர்பு அட்டவணையையும் போடுங்கள். பலர் ஒப்ளிமின் என்று எழுதிவிட்டு அதைப் போட மறக்கிறார்கள், அப்போது படிப்பவருக்குச் சரிபார்க்க வழியில்லை.

கட்-ஆஃபில் ஒரு கண்ணி இருக்கிறது. 0.32 வைப்பவர்கள், 0.32-ஐ வர்க்கித்தால் சுமார் 10 சதவீத மாறுபாடு என்று காரணம் சொல்வார்கள். வாரிமேக்ஸில் அந்தக் கணக்கு செல்லும். ஒப்ளிமினின் Pattern அட்டவணையில் எண்ணை வர்க்கித்தால் அந்தப் பொருள் வராது, ஃபேக்டர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஆகவே எந்த அட்டவணையில் எல்லை வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். 0.35 வைத்தால் q08 0.36-இல் தப்புகிறது, 0.40 வைத்தால் போகிறது. அதைத் தெரிந்துகொண்டே 0.35 வைத்தேன் என்றால் அதையும் எழுதிவிடுங்கள்.

சர்வே_சண்முகம்
சரி, ரிவர்ஸ் கோடிங் விஷயத்தில் நான் தவறு, ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேட்கறேன். பழைய 14 ஓட்டத்தையும் ரிவ்யூவருக்குச் சொல்லணுமா? 'முதலில் லிட்டில் ஜிஃபி ஓட்டினோம், நான்கு வந்தது, பிறகு மாற்றினோம்' என்று எழுதினால், விடைக்கு ஏற்ப முறையை மாற்றியவன் என்றுதான் பேர் வரும். வைவாவில் அதை வைத்தே ஒரு மணி நேரம் ஓட்டுவாங்க.

வேலுச்சாமி_புள்ளியியல்
முதல் வடிவத்தை அவர் ஏற்கெனவே படித்துவிட்டார். நான்கு என்று அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். இப்போது மூன்று என்று வந்தால் ஏன் என்று கேட்காமல் விடுவாரா?

நிலா_ஆர்
எனக்கு இதில் இரண்டு மனசு. ரிவ்யூவருக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அடுத்து இதே 286 பேரை வைத்துத்தானே சி.எஃப்.ஏ. செய்யப்போகிறார்கள்? அதே டேட்டாவில் தேடிக் கண்டுபிடித்த அமைப்பை அதே டேட்டாவில் உறுதிசெய்தோம் என்றால் அதற்கு எந்தப் பதிவும் உதவாது. அதற்குப் புது ஆட்கள் வேண்டும்.

சர்வே_சண்முகம்
புது 300 ஆசிரியர்களை யார் பிடிச்சுத் தருவா? சொல்றது சுலபம்.

முத்து_ஆய்வாளன்
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். கைடிடம் மூன்று வினாக்களையும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். q18-ஐக் கேட்டதும், 'இதை யார் எழுதினது?' என்றார். அவர்தான் எழுதியது, நான் சொல்லவில்லை. மூன்றுக்கு ஒத்துக்கொண்டார், நான்கின் அட்டவணை பின்னிணைப்பில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

நீங்கள் ஊகித்தது சரிதான் ஐயா, ஒரு வினாவைத் தவிர. q11 மூன்றில் நிர்வாகத்துக்கும் நான்கில் பணிச்சுமைக்கும் போகிறது, இரண்டிலும் 0.4-ஐ ஒட்டி. அதையும் எழுதினேன். இந்தத் தடவை ஒவ்வொன்றாக எடுத்ததில் q18, q05 இரண்டு மட்டுமே போயின. முன்பு தூக்கிய q14, q21 இப்போது நிற்கின்றன. பதில் அனுப்பியாகிவிட்டது. சி.எஃப்.ஏ.யை இந்தக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டோம். தீசிஸில் என்ன செய்வது என்று இன்னும் பேச்சு நடக்கிறது.

ரஞ்சனி_வங்கி
கம்யூனாலிட்டி 0.93தான் ஐயா, நன்றி. இந்த இழையைப் பார்த்துவிட்டு நானும் statistics.jnl தேடினேன். எங்கள் அலுவலகக் கணினியில் இடம் அடைக்கிறது என்று யாரோ அந்த டிக்கை எடுத்து வைத்திருக்கிறார்கள். 0.6-க்குக் கீழே மூன்று வினாக்களை நான் ஏன் நீக்கினேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.